“எவ்வளவு ஆகும் மக்ளே?”: கல்யாண வலைத்தளத்துக்கு விலை எழுதி அனுப்புவது எப்படி

நான் செய்த முதல் கல்யாண வலைத்தளத்துக்கு விலையைப் போனில்தான் சொன்னேன். “எவ்வளவு ஆகும் மக்ளே?” என்று பெண்ணின் அப்பா கேட்டார். “நாலாயிரம் போதும் மாமா” என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு பதினொரு தடவை மாற்றினேன். பெரியப்பா பெயருக்கு முன்னால் இனிஷியல் விட்டுப்போயிருந்தது, அது ஒரு தடவை. அதைப் போட்டு அனுப்பிய அரை மணி நேரத்தில் சித்தியிடமிருந்து இன்னொன்று. மறுநாள் மாப்பிள்ளை வீட்டில் நிறம் பிடிக்கவில்லை. துபாயில் இருக்கும் அண்ணன் வெள்ளிக்கிழமைதான் பார்த்தார், அவருக்குப் பாட்டு வேண்டும். கடைசியில் கணக்குப் பார்த்தால் கொத்தனாருக்குக் கையாள் நின்றிருந்தால்கூட அதைவிடக் கிடைத்திருக்கும்.

அந்த வீட்டுக்காரர்கள் மேல் தப்பே இல்லை. எத்தனை தடவை மாற்றலாம் என்று நான் சொல்லவே இல்லை. சொல்லாத ஒன்றை அவர்கள் எப்படிக் கடைப்பிடிப்பார்கள்? அதனால் இப்போது வாயால் விலை சொல்வதில்லை. “ராத்திரிக்குள்ள எழுதி அனுப்புதேன் மாமா” என்று மட்டும் சொல்லிவிடுவேன். அந்தச் செய்தியை எப்படி எழுதுவது என்பதுதான் இங்கே சொல்லப்போவது. குமரி மாவட்டத்தில் இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: விலைக்கு முன்னால் நான்கு கேள்வி

எடுத்துக்காட்டுக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். பெண் வீடு தக்கலைப் பக்கம், மாப்பிள்ளை வீடு நெய்யாற்றின்கரை. கல்யாணம் 2026 ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை. ஜூலை தொடக்கத்தில் பெண்ணின் அப்பா கூப்பிடுகிறார்.

முதலில் கேட்க வேண்டியது, எந்த நாளில் ஊருக்கு லிங்க் அனுப்பப் போகிறார்கள் என்பது. கல்யாணத் தேதி அதற்கு அப்புறம். அச்சடித்த கார்டு கொடுக்கத் தொடங்கும் அன்றே லிங்கும் போக வேண்டும் என்று பெரும்பாலும் நினைப்பார்கள். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால்தான் உங்களுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று தெரியும்.

இரண்டாவது கேள்வி, எந்தெந்த மொழி. நம் மாவட்டத்தில் இதைக் கேட்காமல் விலை சொல்வது ஆபத்து. எல்லைக்கு அப்பால் சம்பந்தம் செய்வது இங்கே சாதாரணம். தமிழும் ஆங்கிலமும் போதும் என்று தொடங்கிய வேலையில், “பாறசாலையில இருந்து வாறவங்க தமிழ் வாசிக்க மாட்டாங்க, மலையாளத்திலயும் ஒண்ணு போடு” என்று பாதியில் வரும். மலையாளப் பக்கம் என்றால் எழுத்துரு வேறு, வரி நீளம் வேறு, பிழை பார்க்க மலையாளம் தெரிந்த ஆளும் வேண்டும். ஆக, அது தனி வேலை.

மூன்றாவது, மேட்டர் எப்படி வரும். அச்சகத்தில் கார்டு மேட்டரைக் கொடுத்திருப்பார்கள். “அங்க டைப் பண்ணி வச்சிருக்கு, அதையே வாங்கிக்க” என்பார்கள். வாங்கிப் பார்த்தால் பல அச்சகங்களில் அது இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு போட்ட கணினியில் “திருமணம்” என்று அழகாகத் தெரியும். வலைத்தளத்தில் ஒட்டினால் இப்படி வரும்:

```
jpUkzk;
```

அதை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு. ஆனால் மாற்றிய பிறகும் ஒவ்வொரு வரியையும் கார்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சில அச்சகங்கள் எழுத்தையே படமாக மாற்றிய கோப்பை அனுப்பும், அப்போது முழுதாகத் திரும்ப டைப் செய்வதுதான் வழி. ஒரு கார்டு என்றால் இரண்டு மூன்று மணி நேரம் இதற்கே போகும். விலையில் இதைச் சேர்க்க மறப்பவர்கள்தான் அதிகம்.

நான்காவது, யார் சொன்னால் அது கடைசி முடிவு. கல்யாண வீட்டில் இதைக் கொஞ்சம் பதமாகக் கேட்க வேண்டும். “உங்க வீட்ல யாரு ஓகே சொல்லணும்?” என்று கேட்டால் மாமாவுக்குக் கொஞ்சம் உறுத்தும். “எல்லாரும் பாத்துட்டு யாரு எங்கிட்ட சொல்லுவாங்க மாமா? அவங்க நம்பர் குடுங்க” என்று கேட்டால் சிரமமில்லாமல் பெண்ணின் தம்பி நம்பரோ மச்சினன் நம்பரோ வந்துவிடும்.

இரண்டாம் படி: விலையை உங்களுக்காகக் கணக்குப் போடுவது

இந்தக் கணக்கு வீட்டுக்கு அனுப்ப அல்ல, உங்களுக்கு. நம் தக்கலை வீட்டுக்கு நான் போடுவது இப்படி. நான்கு பக்கம் வடிவமைக்க 8 மணி நேரம். மேட்டர் டைப் செய்து ஒப்பிட 3 மணி நேரம். இரண்டு தடவை திருத்த 3 மணி நேரம். போன், வாட்ஸ்அப், படம் கேட்டு ஞாபகப்படுத்துவது எல்லாம் சேர்த்து 2 மணி நேரம். மொத்தம் 16. மணிக்கு 350 ரூபாய் வைத்தால் 5,600. தளத்தின் பெயரை ஒரு வருடத்துக்குப் பதிவு செய்ய 900 ரூபாய் ஒதுக்கினால் 6,500. படமும் எழுத்தும் மட்டும் உள்ள சின்னத் தளம் என்பதால் அதை வைத்திருக்கும் இடத்துக்குத் தனிச் செலவு வராது, இலவசமாகவே கிடைக்கும்.

மணிக்கு 350 என்பது என் அளவு. நீங்கள் 200 வைத்தாலும் சரி, ஆனால் மணி நேரத்தை எண்ணாமல் “பக்கத்துக்கு இவ்வளவு” என்று குத்துமதிப்பாக வைக்க வேண்டாம். இந்த வேலையில் நேரத்தைத் தின்பது பக்கங்கள் அல்ல, பேச்சும் திருத்தமும்தான்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத ஒருவர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் வரி என்று சொல்லி வாங்கவும் கூடாது. அதனால் செய்தியில் அந்தச் சொல்லே வர வேண்டாம்.

மூன்றாம் படி: செய்தி

குரல் பதிவாக அனுப்பாதீர்கள். இந்தச் செய்தி மாமாவோடு நிற்காது. அவர் அதை மகனுக்கு அனுப்புவார், மகன் குவைத்தில் இருக்கும் அத்தானுக்கு அனுப்புவார், மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒருவேளை போகும். நீங்கள் பேசியது எதுவுமே தெரியாத ஒருவர் வாசித்தாலும் புரிய வேண்டும். பிடிஎஃப் கோப்பும் வேண்டாம், பலர் அதைத் திறப்பதே இல்லை. நேரே எழுத்தாகவே அனுப்பினால் போதும். இன்னொன்று: நீளமான செய்தியை வாட்ஸ்அப் பாதியில் மடக்கி “மேலும் படிக்க” என்று போட்டுவிடும். அதனால் மொத்தத் தொகை மேலேயே இருக்க வேண்டும்.

நான் எழுதுவது ஏறத்தாழ இப்படி இருக்கும். நட்சத்திரக் குறிக்குள் உள்ளவை வாட்ஸ்அப்பில் தடித்த எழுத்தாக மாறும்.

> வணக்கம் மாமா. நேற்று பேசியபடி கல்யாண வலைத்தளத்துக்கான விலை விவரம் இது.
>
> \*மொத்தம்: ₹6,500\* (ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்). தளத்தின் பெயரை ஒரு வருடத்துக்குப் பதிவு செய்வதும் இதில் அடக்கம்.
>
> \*பக்கங்கள்: 4\*
> 1. முகப்பு: பெண், மாப்பிள்ளை பெயர், தேதி, முகூர்த்தம்
> 2. அழைப்பு: கார்டில் உள்ள முழு மேட்டர்
> 3. வரும் வழி: மண்டபம், வீடு, இரண்டுக்கும் மேப்
> 4. படங்கள்: 12 வரை
> நான்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும்.
>
> \*திருத்தம்: 2 முறை.\* வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டு, மாற்ற வேண்டியதையெல்லாம் சேர்த்து ஒரே செய்தியாகத் தம்பி அனுப்பினால் அது ஒரு முறை. என் கையால் வந்த தப்பு இந்தக் கணக்கில் வராது, எப்போது சொன்னாலும் சரிசெய்வேன். மூன்றாம் முறை முதல் ஒவ்வொரு முறைக்கும் ₹400.
>
> \*பணம்:\* தொடங்கும்போது ₹3,000. ஊருக்கு லிங்க் அனுப்புவதற்கு முன் ₹3,500.
>
> \*நாள்:\* மேட்டரும் படங்களும் முழுதாக வந்து 5 நாளில் முதல் வரைவு. திருத்தம் சொல்லக் கடைசி நாள் ஆகஸ்ட் 5. லிங்க் ஆகஸ்ட் 8.
>
> \*இதில் சேராதவை:\* வீடியோ, பாட்டு, மலையாளப் பக்கங்கள். மலையாளம் வேண்டுமென்றால் ₹1,500 கூடுதல், மேட்டரை மாப்பிள்ளை வீட்டிலிருந்து எழுதித் தர வேண்டும்.
>
> இந்த விலை ஜூலை 17 வரை. சம்மதம் என்றால் இதற்கே “சரி” என்று பதில் போடுங்கள் மாமா.

“மாமா” என்பது அந்த வீட்டில் நான் கூப்பிடும் முறை. உறவோ பழக்கமோ இல்லாத வீடு என்றால் “சார்” போதும், நாகர்கோவில் கடைக்காரர் என்றால் “அண்ணாச்சி” பொருந்தும். விலைச் செய்தி என்பதற்காகத் திடீரென்று “மதிப்பிற்குரிய ஐயா” என்று மாறினால், நேற்று திண்ணையில் உட்கார்ந்து பேசிய பையனா இது என்று யோசிப்பார்கள்.

எந்த வரி எதற்கு

பக்கம் என்ற சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. அச்சுக் கார்டு பழகியவர்களுக்குப் பக்கம் என்றால் மடிப்பு. நமக்குப் பக்கம் என்றால் தனி முகவரியில் திறப்பது. நீங்கள் எல்லாவற்றையும் மேலிருந்து கீழாகத் தள்ளிப் பார்க்கும் ஒரே நீளமான பக்கமாகவும் செய்யலாம். அப்போது “நாலு பக்கம்னு சொன்னியே, ஒண்ணுதான இருக்கு” என்று கேள்வி வரும். அதனால்தான் எண்ணிக்கையோடு நிற்காமல் ஒவ்வொன்றுக்கும் பெயரும் அதில் என்ன வரும் என்பதும் எழுதுகிறேன். படத்துக்கு 12 என்று எண் போட்டதும் அதற்காகத்தான். எண் போடாவிட்டால் நிச்சயதார்த்தப் படம் இருநூறு வந்து விழும், “நல்லதாப் பாத்து எடுத்துக்க” என்று கூடவே ஒரு வரி.

திருத்தம் பற்றிய வரிதான் இந்தச் செய்தியின் உயிர். “2 திருத்தம்” என்று மட்டும் எழுதினால் போதாது. உங்களுக்கு ஒரு திருத்தம் என்பது ஒரு சுற்று. அவர்களுக்கு ஒரு திருத்தம் என்பது ஓர் எழுத்து. இரண்டு எழுத்தை மாற்றிவிட்டு “முடிஞ்சுது, இனி காசு” என்றால் யாருக்கும் கோபம் வரும். சேர்த்து ஒரே செய்தியாக வருவது ஒரு முறை என்று எழுதிவிட்டால், அதில் ஐந்து மாற்றம் இருந்தாலும் இருபது இருந்தாலும் அதே முறைதான். வீட்டுக்கும் இது லாபம், நமக்கும் கணினியை ஒரு தடவை திறந்தால் போதும்.

நம் தப்பு கணக்கில் வராது என்ற வரியைச் சேர்க்காமல் விடாதீர்கள். யார் தப்பு என்று பார்ப்பது சுலபம்: அவர்கள் கொடுத்த மேட்டரில் சரியாக இருந்து தளத்தில் தப்பாக இருந்தால் நம்முடையது. மேட்டரிலேயே தப்பு என்றால் அது திருத்தம். மேட்டர் வந்த செய்தியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டியது இதனால்தான்.

மேட்டரில் தப்பு வராது என்று நினைக்க வேண்டாம். நம் தக்கலை வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லம் ஆண்டு போடும் வழக்கம் இங்கே இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்தக் கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில், ஆவணி பிறக்கும்போது மாறும். அதாவது ஜூலை 2026-இல் பேசும்போது நடப்பது 1201. கல்யாணம் நடக்கும் ஆகஸ்ட் 30-க்கு அது 1202 ஆகியிருக்கும். ஜூலையில் மேட்டர் எழுதுகிறவர் கை தானாகவே 1201 என்று எழுதிவிடும். ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு வரும் கல்யாணம் என்றால் ஆங்கில ஆண்டிலிருந்து 824-ஐயும், அதற்கு முன் என்றால் 825-ஐயும் கழித்துப் பாருங்கள். தப்பு தெரிந்தால் நீங்களே மாற்றிவிடாமல், “மாமா, இது 1202 தானே?” என்று கேட்டு, பதில் வந்த பிறகு மாற்றுங்கள். அச்சகத்துக்கும் உடனே சொல்லுவார்கள். “காலஞ்சென்ற” என்ற சொல் எந்தப் பெயருக்கு முன் வருகிறது என்பதையும் அப்படியே கேட்டு உறுதிசெய்யுங்கள். அதில் மட்டும் தப்பு வந்தால் மன்னிப்பே கிடையாது.

திருத்தத்துக்குக் கடைசி நாள் வைப்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. லிங்கை வாட்ஸ்அப்பில் போட்டால் கூடவே ஒரு சின்னப் படமும் தலைப்பும் வருகிறதல்லவா? அது அனுப்பும் நேரத்தில் தளத்திலிருந்து எடுக்கப்பட்டுச் செய்தியோடு சேர்ந்து போகிறது. அதற்குப் பிறகு நீங்கள் தளத்தில் தேதியை மாற்றினால் உள்ளே போய்ப் பார்க்கிறவருக்குப் புதிய தேதி தெரியும், ஆனால் முன்னூறு பேர் போனில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த அந்தச் சின்னப் படம் மாறாது. பலர் லிங்கைத் திறக்காமல் அந்தப் படத்தை மட்டும் பார்த்துவிட்டே தேதியைக் குறித்துக்கொள்வார்கள். “வெப்சைட்தானே, எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம்” என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள், உடனே புரியும்.

பாட்டைச் சேராதவையில் போட்டதற்கும் காரணம் உண்டு. தளம் திறந்தவுடன் பாட்டு தானாக ஒலிக்க வேண்டும் என்று கேட்பார்கள். போன்களில் உள்ள உலாவிகள், பார்ப்பவர் எதையாவது தொடும்வரை ஒலியைத் தடுத்துவிடும். உங்கள் கணினியில் சில நேரம் ஒலிக்கும், மாமாவின் போனில் ஒலிக்காது, அது உங்கள் தப்பு என்று ஆகிவிடும். சினிமாப் பாட்டு என்றால் உரிமைச் சிக்கலும் சேரும்.

முன்பணம் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. பாதிக்குக் கொஞ்சம் குறைவாக முதலில், மீதி லிங்க் போவதற்கு முன். “கல்யாணம் முடிஞ்சு தாறேன்” என்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கல்யாணம் முடிந்த வாரம் பந்தல்காரரும் சமையல்காரரும் வாசலில் நிற்பார்கள், உங்கள் முறை கடைசி.

நான்காம் படி: “கொஞ்சம் குறைச்சுப் போடு மக்ளே”

இது வரும், கட்டாயம் வரும். புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில் செய்வது இரண்டு. சட்டென்று ஆயிரத்தைக் குறைப்பார்கள். அல்லது விலையைக் குறைக்காமல், “எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தித் தாறேன்” என்பார்கள். இரண்டாவதுதான் மோசம், நான் பதினொரு தடவை மாற்றிய கதையில்தான் அது போய் முடியும்.

வேலையைக் குறைத்து விலையைக் குறையுங்கள். நான் எழுதுவது இப்படி:

> சரி மாமா. படங்கள் பக்கத்தை எடுத்துவிட்டு 3 பக்கமாகச் செய்தால் ₹5,500 ஆகும். திருத்தம் அதே 2 முறை, நாள் அதே நாள்தான். எது வசதி என்று சொல்லுங்கள்.

இதைப் பார்த்துப் பாதிப் பேர் பழைய விலைக்கே சம்மதிப்பார்கள், படம் இல்லாமல் கல்யாணத் தளமா என்று. மீதிப் பேர் 5,500-க்கு ஒத்துக்கொள்வார்கள். அதுவும் நல்லதுதான், படம் கேட்டு அலைகிற வேலை மிச்சம். இரண்டு விலையையும் அனுப்பிய பிறகு எது முடிவானதோ, அதை வைத்து முழுச் செய்தியையும் திரும்ப ஒரு தடவை அனுப்புங்கள். முந்தைய செய்தியில் 4 பக்கம் என்றும் பிந்தையதில் 3 என்றும் கிடந்தால், குவைத் அத்தானிடம் போய்ச் சேருவது பழையதாகத்தான் இருக்கும்.

சரி வந்த பிறகு

“சரி” என்ற பதிலை நட்சத்திரமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் வந்த அன்றே தளத்தின் பெயரைப் பதிவு செய்யுங்கள். பதிவை உங்கள் மின்னஞ்சலில் செய்தாலும், ஒரு வருடம் கழித்து அது காலாவதியாகும் தேதியை அவர்களுக்கு எழுதிவிடுங்கள். பெயரை முடிவு செய்யும்போது எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். ழகரம் வரும் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் zh போட்டு எழுதுவார், இன்னொருவர் l போட்டு எழுதுவார். போனில் சொல்லிப் புரியாத பெயரை விட்டுவிடலாம்.

மண்டபத்துக்கு மேப்பில் நீங்களாகத் தேடிப் புள்ளி வைக்காதீர்கள், தம்பியை மண்டபத்து வாசலில் நின்று இருப்பிடத்தை அனுப்பச் சொல்லுங்கள். ஒரே பெயரில் இரண்டு மண்டபம் இருப்பது இங்கே புதிதல்ல. வீட்டு முகவரியும் போன் நம்பரும் தளத்தில் வேண்டுமா என்று தனியாகக் கேளுங்கள். முகூர்த்த நேரத்தில் வீடு பூட்டிக் கிடக்கும் என்பதை ஊருக்கே எழுதிப் போடுகிறோம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கேட்ட வீடுகளில் பாதி, வீட்டு மேப்பை எடுத்துவிடச் சொல்லியிருக்கின்றன.

முதல் வரைவை அனுப்பும்போது கூடவே இந்த இரண்டு வரியைப் போடுங்கள்: “தம்பி, இது முதல் வரைவு. எல்லாரும் பாத்துட்டு மாத்த வேண்டியதைச் சேத்து ஒரே செய்தியா வியாழக்கிழமைக்குள்ள அனுப்பு.” அப்படிச் சொல்லியும் அன்று ராத்திரி பத்தரை மணிக்கு மாமா தனியாகக் கூப்பிட்டு ஒரு பெயர் சொல்லுவார். “சரி மாமா, தம்பிகிட்டயும் சொல்லிருங்க, அவன் லிஸ்ட்ல சேத்திருவான்” என்று சொல்லிவிட்டுப் போனை வையுங்கள்.